9 வாட்டை எடுத்து 12 வாட் போட்டேன், வெளிச்சம் ஏன் கூடவில்லை?

உறையூர் அப்பா | 2024 ஜூலை 8, இரவு 9.50

மகள் பத்தாம் வகுப்பு. படிக்கும் அறை 10க்கு 12 அடி. ஒரு சுவரில் 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட், அதன் பக்கத்திலேயே ஆங்கிள் ஹோல்டரில் 9 வாட் பல்பு. மேசை எதிர்ச் சுவரை ஒட்டி இருக்கிறது. நோட்டில் எழுதும்போது இருட்டாக இருக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று கடைக்குப் போய் 12 வாட் பல்பு வாங்கி மாட்டினேன். மூன்று வாட் கூடுதல், மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கூட வேண்டும் அல்லவா? அவள் பார்த்துவிட்டு "மாத்திட்டீங்களாப்பா?" என்று கேட்கிறாள். இனி 15 வாட் வாங்குவதா, டியூப் லைட் இன்னொன்று போடுவதா?

கோவை செந்தில் | ஜூலை 8, இரவு 10.15

மஞ்சள் பல்பு வாங்கியிருப்பீர்கள். 6500 கெல்வின் போட்ட வெள்ளைப் பல்பு வாங்குங்கள். கெல்வின் எண் ஏற ஏற வெளிச்சம் ஏறும். எங்கள் வீட்டில் எல்லாமே 6500தான், பளிச்சென்று இருக்கும்.

உறையூர் அப்பா | ஜூலை 8, இரவு 10.30

பெட்டியில் 6500 என்றுதான் போட்டிருக்கிறது. டியூப் லைட்டும் வெள்ளைதான். அதனால் அது காரணமாக இருக்காது.

சிக்கனம் | ஜூலை 9, காலை 6.40

வாட்டைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், இரண்டு மாத பில் வரும்போது தெரியும். எங்கள் வீட்டில் எல்லா அறையிலும் 5 வாட் போட்டு யூனிட்டைக் குறைத்தோம்.

பழைய ஃபிட்டர் | ஜூலை 9, காலை 8.05

தம்பி, இரண்டு பல்பின் பெட்டியையும் எடுத்து லுமன் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். வாட் என்பது பல்பு தின்கிற மின்சாரம். வெளிச்சம் எவ்வளவு தருகிறது என்பது லுமனில்தான் இருக்கும். குண்டு பல்பு காலத்தில் எல்லாக் கம்பெனி 60 வாட்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம்தான் தரும், 700 லுமனுக்குப் பக்கத்தில். அதனால் வாட்டைச் சொன்னாலே வெளிச்சத்தைச் சொன்ன மாதிரி. எல்.இ.டி.யில் அது நடக்காது.

செந்தில் சொன்னதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், அதில் பாதி சரி. இப்போது வேலைக்குக் கிளம்புகிறேன்.

சிக்கனம் ஐயா, 3 வாட் கூடுதல், நாளைக்கு 5 மணி நேரம் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட்கூட வராது. படிக்கிற பிள்ளை மேசையில் அதைப் பார்க்க வேண்டாம்.

உறையூர் அப்பா | ஜூலை 9, இரவு 8.20

நல்லவேளை, பழைய பெட்டியை என் மனைவி ஸ்டேப்ளர் பின் போட்டு வைக்க எடுத்து வைத்திருந்தார். 9 வாட் பெட்டியில் 900 லுமன். புதிய 12 வாட் பெட்டியில் முன்பக்கம் லுமனே இல்லை. அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் 960 என்று இருக்கிறது.

அப்படியானால் நான் கூட்டியது 60 லுமன்தான். 9 வாட் பல்பு ஒரு வாட்டுக்கு 100 லுமன் தந்தது, இது 80தான் தருகிறது. கடைக்காரரிடம் "இன்னும் கொஞ்சம் பெரிசு" என்று கேட்டேன், அவரும் வாட்டைப் பார்த்துதான் எடுத்துக் கொடுத்தார்.

தஞ்சாவூர் டீச்சர் | ஜூலை 9, இரவு 9.00

பெட்டியில் நட்சத்திரம் ஒட்டியிருக்கிறதே, ஐந்து நட்சத்திரம் என்றால் வெளிச்சம் அதிகமா? எனக்கு 68 வயது. ஒரு கண்ணில் புரை அறுவை ஆகிவிட்டது, இன்னொன்று இனிமேல்தான். இரவில் செய்தித்தாள் படிக்க முடிவதில்லை. என் பேத்தி அதே விளக்கில் சுலபமாகப் படிக்கிறாள்.

பழைய ஃபிட்டர் | ஜூலை 9, இரவு 9.40

டீச்சர், நட்சத்திரம் ஒரு வாட்டுக்கு எத்தனை லுமன் என்பதைத்தான் சொல்லும். ஐந்து நட்சத்திரம் வாங்கிய 5 வாட் பல்பைவிட மூன்று நட்சத்திரம் வாங்கிய 9 வாட் பல்பு அறைக்கு அதிக வெளிச்சம் தரலாம். உறையூர் தம்பியின் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டால், பழைய 9 வாட்டுக்குத்தான் நட்சத்திரம் கூடுதலாக இருக்கும்.

உங்கள் கண் விஷயம் வேறு. வயதானால் கண்ணின் பாவை சிறிதாகிவிடும், லென்ஸும் மஞ்சளித்துப் போகும். ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்தாலும் பேத்தியின் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் உங்கள் கண்ணுக்குள் போவதில்லை. உங்களுக்கு அவளைவிட நிறையவே வேண்டும். ஆனால் கண்ணில் நேராக அடிக்கக் கூடாது. புரை இருக்கிற கண்ணுக்குக் கூச்சம் அதிகம்.

தம்பி, இப்போது உங்கள் அறைக்கு வருகிறேன். லுமன் கூடாதது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரியது இன்னொன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். மகள் மேசையில் உட்கார்ந்தால் டியூப் லைட் அவளுக்கு எந்தப் பக்கம் வருகிறது?

உறையூர் அப்பா | ஜூலை 9, இரவு 9.55

முதுகுக்குப் பின்னால்.

பழைய ஃபிட்டர் | ஜூலை 9, இரவு 10.00

அதேதான். அவள் தலை நிழலிலேயே எழுதுகிறாள். ஃபோனில் லக்ஸ் மீட்டர் என்று ஒரு ஆப் இறக்குங்கள். ஃபோனை நோட்டு இருக்கும் இடத்தில் மல்லாக்கப் போட்டு, மகள் உட்காராமல் ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை அளந்து பாருங்கள். ஃபோன் காட்டும் எண் கடையில் விற்கும் மீட்டருக்குச் சமமாக இருக்காது. ஆனால் ஒரே ஃபோனில் இதற்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கப் போதும். ஃபோனைச் சாய்க்காதீர்கள், உங்கள் நிழலும் விழக் கூடாது.

உறையூர் அப்பா | ஜூலை 10, இரவு 10.40

அளந்தேன். ஒரு மணி நேரம் இதிலேயே போய்விட்டது, மகளும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள்.

டியூப் லைட் மட்டும் எரியும்போது, மேசையில் யாரும் இல்லாமல் 76 லக்ஸ். பழைய 9 வாட் பல்பைத் திரும்ப மாட்டிப் போட்டால் 108. புதிய 12 வாட்டில் 110. இரண்டு லக்ஸ் கூட்டத்தான் கடைக்குப் போய் வந்திருக்கிறேன்.

பிறகு அவளை உட்காரச் சொன்னேன். வழக்கம்போல நோட்டில் குனிந்து எழுதும்படி உட்கார்ந்தாள். 110 இருந்தது 47 ஆகிவிட்டது. பேனா முனைக்குப் பக்கத்தில் இன்னும் குறைவு. பிள்ளை ஒரு மாதமாகச் சொன்னது இதைத்தான். நான் நின்றுகொண்டு அறையைப் பார்த்து "வெளிச்சமாத்தானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் இடத்தில் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை. அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எத்தனை லக்ஸ் இருக்க வேண்டும்?

கோவை செந்தில் | ஜூலை 10, இரவு 11.05

லக்ஸ் என்றும் லுமன் என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறீர்களே, இரண்டும் ஒன்றுதானே?

பழைய ஃபிட்டர் | ஜூலை 11, காலை 7.30

செந்தில், தோட்டத்துக்குக் குழாயில் தண்ணீர் விடுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். குழாயிலிருந்து மொத்தம் எவ்வளவு வருகிறது என்பது லுமன். ஒரு பாத்தியில் எவ்வளவு நிற்கிறது என்பது லக்ஸ். குழாயில் எவ்வளவு வந்தாலும் பாத்திக்குப் போகாவிட்டால் செடிக்கு என்ன பிரயோஜனம்? ஒரு சதுர மீட்டரில் ஒரு லுமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். அவ்வளவுதான் கணக்கு.

தம்பி, ஐரோப்பியத் தரத்தில் வகுப்பறைக்கு முன்பு 300 லக்ஸ் என்று இருந்தது, எழுதுகிற படிக்கிற மேசைக்கு 500. நான் வேலை செய்த இடங்களில் 300க்கும் 500க்கும் நடுவில் வந்தால் யாரும் குறை சொன்னதில்லை. உங்கள் மகளுக்கு 47 கிடைக்கிறது.

இதை மேலே இருக்கிற விளக்கை வைத்தே சரி செய்யலாமா என்று பார்ப்போம். உங்கள் அறை 120 சதுர அடி, ஏறக்குறைய 11 சதுர மீட்டர். அறை முழுக்க 300 லக்ஸ் என்றால் 3300 லுமன் மேசை மட்டத்துக்கு வந்து சேர வேண்டும். ஆனால் விளக்கிலிருந்து வருவதில் பாதி சுவரிலும் கூரையிலும் போய்விடும். சுவரில் கருநீலமோ பச்சையோ அடித்திருந்தால் இன்னும் போகும். அதனால் 6600 லுமன் வேண்டும். உங்கள் 20 வாட் டியூப் 2000 லுமன் என்று வைத்தால் மூன்றுக்கு மேல் மாட்ட வேண்டும். அத்தனையையும் அதே சுவரில் மாட்டினால் அப்போதும் தலை நிழல் நோட்டில்தான்.

மேசை மட்டும் என்றால் கணக்கே வேறு. இரண்டுக்கு மூன்று அடி மேசை அரை சதுர மீட்டருக்குச் சற்று மேல். 600 லுமன் பல்பு ஒன்றைக் குடை போட்ட மேசை விளக்கில் மாட்டி, அதில் பாதி மேசையில் விழுந்தாலே 500 லக்ஸ் தொட்டுவிடும். 7 வாட்டில் முடிந்துவிடும்.

ஹோல்டரில் பல்பு மாட்டுகிற மாதிரியான மேசை விளக்காக வாங்குங்கள். உள்ளே எல்.இ.டி.யைப் பதித்தே வருவதும் நல்லதுதான், ஆனால் பல்பு போனால் விளக்கோடு போடணும், லுமனும் பல பெட்டிகளில் இருக்காது. இடது பக்கம் வையுங்கள், கை நிழல் விழாது.

வேதாரண்யம் | ஜூலை 11, மதியம் 1.20

எங்கள் ஊரில் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும். சில பல்பு அப்படியே எரியும், சிலது மங்கிப் போகும். லுமன் பெட்டியில் ஒன்று போட்டிருந்தால் எனக்கு இன்னொன்று கிடைக்கிறது. இதற்கு என்ன பார்த்து வாங்குவது?

அப்புறம் உறையூர்க்காரர் அந்த 12 வாட் பல்பை ஃபோன் கேமராவில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். என் தம்பிக்கு இரவில் படித்தால் தலைவலி வந்துகொண்டிருந்தது. கண்ணாடி போட வேண்டும் என்று நினைத்தோம். மலிவு பல்பு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது, மாற்றியதும் குறைந்தது. எல்லோருக்கும் அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

பழைய ஃபிட்டர் | ஜூலை 11, இரவு 9.15

வேதாரண்யம் தம்பி, பெட்டியில் எந்த வோல்டேஜிலிருந்து எதுவரை என்று போட்டிருக்கும். 100 முதல் 300 வரை என்று அகலமாகப் போட்டிருப்பதை வாங்குங்கள். அதில் பல்புக்குள் இருக்கிற டிரைவர் சர்க்யூட் ஒரே அளவு கரண்டை எல்.இ.டி.க்குக் கொடுத்துக்கொண்டிருக்கும், வோல்டேஜ் இறங்கினாலும் வெளிச்சம் இறங்காது. 220 முதல் 240 என்று குறுகலாக இருந்தால் அல்லது ஒன்றுமே போடாமல் இருந்தால் உங்கள் ஊருக்கு ஆகாது.

பல்பு மின்னுகிறதா என்று பார்ப்பது நல்ல யோசனை. நம் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று, அதனால் சரியாக வடிகட்டாத பல்பு விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்கு நேராகத் தெரியாது. கேமராவில் கருப்புப் பட்டை ஓடும். கேமரா இல்லாவிட்டால் விளக்குக்குக் கீழே பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். பென்சில் மழமழவென்று விசிறி மாதிரி தெரிந்தால் நல்லது, தனித்தனிப் பென்சிலாக வெட்டி வெட்டித் தெரிந்தால் அந்தப் பல்பைப் படிப்பு மேசைக்கு வைக்காதீர்கள்.

உறையூர் அப்பா | ஜூலை 12, காலை 6.15

எடுத்துப் பார்த்தேன். 12 வாட்டில் பட்டை ஓடுகிறது, பழைய 9 வாட்டில் இல்லை. 12 வாட்டைக் கழற்றிப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டேன். ஹோல்டரில் பழையதே எரிகிறது.

சனிக்கிழமை மேசை விளக்கு வாங்கப் போகிறேன். 7 வாட், 600 லுமன், அகலமான வோல்டேஜ், மின்னாதது. நிறம் எதை வாங்க? 3000, 4000, 6500 மூன்றும் இருக்குமாம்.

கோவை செந்தில் | ஜூலை 12, காலை 9.30

நான் சொன்னதில் பாதி சரி என்றாரே ஃபிட்டர் அண்ணன், அதைச் சொல்லவில்லை. வெள்ளைதான் பளிச்சென்று இருக்கும் என்பதில் நான் மாறவில்லை.

பழைய ஃபிட்டர் | ஜூலை 12, இரவு 10.10

சொல்கிறேன் செந்தில். கெல்வின் வெளிச்சத்தின் அளவு கிடையாது, நிறம் மட்டும்தான். 2700, 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 4000 என்றால் மஞ்சளும் இல்லை நீலமும் இல்லை, கடையில் நேச்சுரல் வைட் என்பார்கள். 6500 நீலம் கலந்த வெள்ளை. 6500ல் 400 லுமன் பல்பும் இருக்கிறது, 3000ல் 1500 லுமன் பல்பும் இருக்கிறது. எண் பெரிது என்பதால் வெளிச்சம் பெரிது இல்லை.

ஆனால் ஒரே கம்பெனி, ஒரே வாட்டில் எடுத்தால் வெள்ளைக்குச் சற்று லுமன் கூடுதலாக இருக்கும். 9 வாட்டில் வெள்ளைக்கு 900, மஞ்சளுக்கு 810 என்று பார்த்திருக்கிறேன். எல்.இ.டி.க்குள் இருப்பது நீல ஒளிதான். மேலே பூசியிருக்கிற பாஸ்பர் அதில் ஒரு பகுதியை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. மஞ்சள் பல்புக்கு அதிகம் மாற்ற வேண்டும், மாற்றுவதில் கொஞ்சம் வீணாகும். அதனால் உங்கள் பக்கம் உண்மை இருக்கிறது. ஆனால் பத்து சதவீத வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. விளக்கை மூன்று விரல் கீழே இறக்கினால் அதைவிடக் கூடும்.

தம்பிக்கு நான் 4000 சொல்வேன். பத்து மணிக்கு மேல் படிக்கிற பிள்ளைக்கு முகத்துக்குப் பக்கத்தில் நீலம் கலந்த வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். கண் கெட்டுவிடும் என்று பயமுறுத்துவதை நான் நம்பவில்லை, தூக்கம் தள்ளிப்போவதை நம்புகிறேன். 3000 வைத்தால் சில பிள்ளைகளுக்குச் சொக்குகிற மாதிரி இருக்கிறது என்கிறார்கள்.

இன்னொன்று. வெள்ளை வெளிச்சம் கம்மியாக இருந்தால் அறை சோகமாகத் தெரியும், அதே நிறம் நிறைய இருந்தால் நன்றாக இருக்கும். 1941லேயே பிலிப்ஸ் கம்பெனியில் இருந்த க்ரூயித்தோஃப் என்பவர் இதை ஒரு வரைபடமாகப் போட்டார். பிறகு செய்த சோதனைகளில் அது அப்படியே நிற்கவில்லை. ஆனாலும் 76 லக்ஸில் 6500 டியூப் லைட் எரிகிற எந்த அறைக்குள் போனாலும் எனக்கு அவர் சொன்னது சரி என்றுதான் படுகிறது.

தஞ்சாவூர் டீச்சர் | ஜூலை 13, காலை 7.10

நான் முப்பது வருஷம் திருத்திய விடைத்தாள்களில் பாதி 60 வாட் குண்டு பல்பு வெளிச்சத்தில்தான். அது 2700 கெல்வின் என்று இப்போதுதான் தெரிகிறது. சொக்கியதாக ஞாபகம் இல்லை. விளக்கு மட்டும் தலைக்கு மேல் ஒன்றரை முழத்தில் தொங்கும்.

சிக்கனம் | ஜூலை 13, காலை 8.00

நான் முதலில் பில்லைப் பற்றி எழுதியது இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. என் மகன் அறையில் 5 வாட் பல்பு ஒன்றுதான் எரிகிறது. இன்று அளந்தேன், மேசையில் 28. இன்றே மாற்றுகிறேன்.

உறையூர் அப்பா | ஜூலை 13, இரவு 9.30

விளக்கு வந்துவிட்டது. மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு மாட்டுகிற மாதிரி, கழுத்து வளைகிறது, குடையின் உள்பக்கம் வெள்ளை. கடைக்காரர் 6500 எடுத்துக் கொடுத்தார், 4000 கேட்டதற்கு உள்ளே போய்த் தேடி ஒரே ஒரு பெட்டி கொண்டுவந்தார். 7 வாட், 600 லுமன். கடையிலேயே எரியவிட்டுக் கேமராவில் பார்த்தேன், பட்டை இல்லை.

நோட்டுக்கு மேல் 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால், மகள் உட்கார்ந்திருக்கும்போதே 410 லக்ஸ். 45க்கு இறக்கினேன், 690. அவ்வளவு ஏறும் என்று நினைக்கவில்லை. ஆனால் 45ல் நடுவில் மட்டும் பளீரென்று இருக்கிறது, மேசை ஓரத்தில் அட்லஸ் வைத்தால் அங்கே இருட்டு. பாடப்புத்தகத் தாளும் பளபளவென்று கண்ணில் அடித்தது. 60லேயே விட்டுவிட்டேன்.

இடது பக்கம் வைத்தேன். அவள் எழுதிப் பார்த்துவிட்டு "கை நிழல் எழுத்து மேலேயே விழுதுப்பா" என்கிறாள்.

பழைய ஃபிட்டர் | ஜூலை 13, இரவு 9.50

இடது பக்கம் வைத்தால் விழாதே. பல்பு தலைக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் தள்ளி இருக்கிறதா?

உறையூர் அப்பா | ஜூலை 13, இரவு 9.58

முன்னால்தான் இருக்கிறது. அவள் இடது கையால் எழுதுகிறவள். உங்களிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

பழைய ஃபிட்டர் | ஜூலை 13, இரவு 10.05

கேட்காமல் சொன்னது என் பிழை தம்பி. முப்பது வருஷமாக எல்லோருக்கும் இடது பக்கம் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். வலது பக்கம் மாற்றுங்கள். எழுதுகிற கைக்கு எதிர்ப் பக்கம் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். பளபளப்புக்கும் அதுதான் மருந்து. விளக்கு நேர் எதிரில் இருந்தால் தாளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும், பக்கத்தில் இருந்தால் வேறு பக்கம் போய்விடும். டியூப் லைட்டை அணைக்க வேண்டாம். மேசை மட்டும் 400ம் சுற்றிலும் கும்மிருட்டாகவும் இருந்தால் தலை நிமிரும்போதெல்லாம் கண் தடுமாறும்.

உறையூர் அப்பா | ஜூலை 14, இரவு 10.20

வலது பக்கம் மாற்றியாயிற்று. நிழல் அவள் கைக்கு இடதுபுறம் வெளியே போய்விடுகிறது. இன்று முழுக்க அதில்தான் எழுதினாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

உறையூர் அப்பா | ஜூலை 17, இரவு 9.15

இரண்டு விஷயம். 4000 பல்பும் 6500 டியூப் லைட்டும் ஒன்றாக எரியும்போது நோட்டு மஞ்சளாகத் தெரிகிறது என்று முதல் இரண்டு நாள் சொன்னாள். இப்போது சொல்வதில்லை. பழகிவிட்டதா, சொல்வதை விட்டுவிட்டாளா என்று தெரியவில்லை. டியூபையும் 4000க்கு மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

இன்னொன்று, புவியியல் வரைபடத்தில் பழுப்பும் ஆரஞ்சும் இப்போது தனித்தனியாகத் தெரிகிறதாம். பழைய வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருந்ததாம். அது லக்ஸ் கூடியதாலா, பல்பாலா?

பழைய ஃபிட்டர் | ஜூலை 18, காலை 7.45

இரண்டாலும் இருக்கலாம். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும், 80க்குக் கீழே இருந்தால் சிவப்பும் பழுப்பும் செத்துப்போன மாதிரி தெரியும். டியூபில் 865 என்று அச்சடித்திருந்தால் முதல் 8 என்பது நிறம் காட்டுவது எண்பதுகளில் என்று சொல்கிறது, 65 என்பது 6500. 840 என்றால் அதே தரத்தில் 4000. மாற்றுவதாக இருந்தால் 840 கேளுங்கள். எல்லாக் கடையிலும் கிடைக்காது.

கோவை செந்தில் | ஜூலை 18, காலை 10.00

நானும் ஒரு 4000 வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பகலில் 6500தான் எனக்குப் பிடிக்கிறது. இரவில் 4000 பரவாயில்லை. இதற்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தஞ்சாவூர் டீச்சர் | ஜூலை 20, மாலை 6.30

உறையூர்த் தம்பி வாங்கியது மாதிரியே என் மருமகன் வாங்கித் தந்தார். நாற்காலிக்குப் பின்னால் தோளுக்கு மேலே வைத்தோம், பல்பு கண்ணில் படாது. பேத்தியின் ஃபோனில் 620 காட்டியது. தலையங்கம் முழுக்கப் படித்தேன்.

சிக்கனம் | ஜூலை 21, இரவு 8.40

எனக்கு ஒரு சிக்கல். ஒரே நீள மேசையில் மகனும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். மகன் வலது கை, மகள் உறையூர்க்காரர் மகள் மாதிரி இடது கை. மகள் வலது பக்கம் உட்காருவாள், முழங்கை இடித்து தினமும் சண்டை. இரண்டு விளக்கு வாங்க வேண்டுமா?

பழைய ஃபிட்டர் | ஜூலை 21, இரவு 9.20

வேண்டாம் ஐயா. இருவரையும் இடம் மாற்றி உட்கார வையுங்கள். மகள் இடது நாற்காலி, மகன் வலது நாற்காலி. விளக்கு நடுவில். மகளுக்கு வெளிச்சம் வலதிலிருந்து வரும், மகனுக்கு இடதிலிருந்து வரும், இரண்டு பேருக்கும் கை நிழல் வெளியே போய்விடும். எழுதுகிற கைகளும் வெளிப்பக்கம் போய்விடுவதால் முழங்கை இடிக்காது.

ஆனால் நோட்டு இரண்டும் விளக்குக்கு நேர் கீழே இல்லாமல் தள்ளி இருக்கும். 600 லுமன் போதாது, 900 போடுங்கள், 70 சென்டிமீட்டர் உயரத்தில், அகலமான குடை. அறை விளக்கையும் சேர்த்து இரண்டு நோட்டிலும் 300 வருகிறதா என்று அளந்து சொல்லுங்கள். வராவிட்டால் இரண்டாவது விளக்கைப் பற்றிப் பேசுவோம்.